பஸ் பாம்பன் பாலத்துக்கு முன்னால் நிற்கிறது, எட்டு மணிக்கு வேலை: வாய்ஸ் போடுவதா, டைப் செய்வதா?

இராமநாதபுரத்தில் அறை எடுத்துத் தங்கி, இராமேஸ்வரம் தீவுப் பக்கம் வேலைக்குப் போய் வருகிற புது ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். தங்கச்சிமடம் பக்கம் கடல் உணவு வாங்கி ஐஸ் போட்டு அனுப்பும் ஒரு கம்பெனியில் நான் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். சம்பளம் 13,000 ரூபாய். சேர்ந்த மூன்றாவது வாரமே அரைநாள் சம்பளம் போனது. நான் தாமதமாக வந்தேன் என்பதற்காகப் போகவில்லை. தாமதத்தைச் சொன்ன விதத்தால் போனது.

அன்று செவ்வாய்க்கிழமை. விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய், மறுநாள் காலையில் கரைக்கு வரும். அதனால் செவ்வாய் எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத நாள். நான் ஏறியது 6.15 பஸ். பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம், மண்டபம் முனையில், 7.20க்கு வண்டி நின்றுவிட்டது. ரயில் பாலத்தின் தூக்குத் துண்டு மேலே ஏறுவதைப் பார்க்க, ரோட்டுப் பாலத்தில் கார்களை ஓரங்கட்டி எல்லோரும் இறங்கி நிற்கிறார்கள். நான் போனை எடுத்து மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் போட்டேன். 1 நிமிடம் 52 வினாடி. "குட்மார்னிங் சார், சாப்டீங்களா சார், நான் இன்னைக்கு சீக்கிரமாவே கெளம்பிட்டேன் சார்" என்று ஆரம்பித்து, பஸ் எப்படி நின்றது, யார் யார் போட்டோ எடுக்கிறார்கள் என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில்தான் "எட்டே முக்கால் ஆயிடும் சார், பில் புக்கு என் டிராயர்ல இருக்கு" என்றேன்.

மேனேஜர் இறங்குதளத்தில் நின்றிருந்தார். கையெல்லாம் மீன் ஈரம், பக்கத்தில் படகு இன்ஜின் சத்தம். வாய்ஸ் வந்திருப்பதைப் பார்த்தார், கேட்கவில்லை. பில் புக் எங்கே என்று தெரியாமல் ஐஸ் வண்டி அரை மணி நேரம் காத்துக் கிடந்தது. மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தபோது 26 நாளுக்கு வகுத்து, ஒரு நாளைக்கு 500, அரைநாளுக்கு 250 ரூபாய் பிடித்திருந்தார்கள். "நான் சொன்னேனே சார்" என்றேன். "எங்க சொன்ன? காட்டு" என்றார்கள். நான் காட்டியது ஒரு நீளக் கோடும் ஒரு மைக் படமும்தான்.

அதற்குப் பிறகு வாய்ஸே போடக் கூடாது என்று முடிவெடுத்தேன். அதுவும் தப்பு என்று அடுத்த வாரமே தெரிந்தது. அதையும் சொல்கிறேன்.

1. கேட்கப் போகிறவர் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருப்பார் என்று பாருங்கள்

வாய்ஸ் நமக்குச் சுலபம் என்பதால் போடுகிறோம். பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு தமிழில் டைப் செய்ய வராது என்பது உண்மைதான். ஆனால் முடிவு செய்ய வேண்டியது அந்தப் பக்கத்து ஆளை வைத்து.

மேனேஜர், கணக்குப் பிள்ளை, பள்ளியில் வேலை என்றால் தலைமை ஆசிரியர், ஆஸ்பத்திரி என்றால் டியூட்டி போடும் சிஸ்டர், இவர்களெல்லாம் உங்கள் செய்தியைப் பார்த்து இன்னொரு இடத்தில் எழுத வேண்டியவர்கள். அல்லது இன்னொருவரிடம் "அவன் எட்டே முக்காலுக்கு வருவான், நீ போய் நில்லு" என்று சொல்ல வேண்டியவர்கள். அவர்களுக்கு எழுத்துதான் வேண்டும். ஓரக்கண்ணால் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும், போனைக் காதில் வைக்க வேண்டியதில்லை.

எங்கள் எடைக்கூடத்து அக்கா வேறு மாதிரி. நண்டு உடைக்கும் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு அவர்தான் மேஸ்திரி. வாய்ஸை விட்டொழித்த ஜோரில் அவருக்கும் நான் டைப் செய்து அனுப்பினேன்: "தராசு சாவி என்னிடம் உள்ளது, 8.30க்கு வருகிறேன்." இரண்டு நீல டிக்கும் விழுந்தது. நான் போய் இறங்கியபோது பத்துப் பேரும் கூடையோடு வெளியே உட்கார்ந்திருந்தார்கள். "மெசேஜ் அனுப்புனேனேக்கா?" என்றேன். "எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கவே அரை நாளாகும், அதுவும் கண்ணாடி இல்லாம. வாய்ஸுல போட்டா என்னடா தம்பி, வெறப்பா?" என்றார். இந்த அக்காவைப் போன்றவர்களுக்கு, வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும் டிரைவருக்கு, லோடு ஏற்றுகிற அண்ணன்களுக்கு வாய்ஸ்தான் மரியாதை. அங்கே டைப் செய்து அனுப்புவதுதான் அதிகாரம் காட்டுவது போல ஆகிவிடும்.

வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, உங்கள் தாமதம் யார் யாரைப் பாதிக்கும் என்று ஒரு சீட்டில் எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் "எழுத்து" அல்லது "குரல்" என்று குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு நான்கு பெயர்தான் வந்தது. பெரும்பாலான வேலைகளில் அதற்கு மேல் வராது.

2. அலுவலகத்துக்கு: முதலில் ஒரு வரி எழுத்து

மேலே இருப்பவருக்குப் போகும் முதல் செய்தி எழுத்தாக இருக்கட்டும். அதில் நான்கு விஷயம் போதும். எங்கே இருக்கிறீர்கள், ஏன், எத்தனை மணிக்கு வருவீர்கள், நீங்கள் இல்லாமல் நின்றுபோகும் வேலைக்கு என்ன வழி. கடைசி விஷயத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு 250 ரூபாய் போனதும் அதனால்தான். நான் தாமதமாக வந்தது பெரிய விஷயமில்லை, பில் புக் டிராயரில் இருப்பது யாருக்கும் தெரியாததுதான் பெரிய விஷயம்.

நான் இப்போது அனுப்புவது இப்படி இருக்கும்:

"வணக்கம் சார். பாம்பன் பாலத்துக்கு முன்னால் மண்டபத்தில் பஸ் நிற்கிறது. 8 மணிக்குப் பதில் 8.45க்கு வந்துவிடுவேன். பில் புக் என் மேஜை இடது டிராயரில், பூட்டவில்லை."

தமிழில் டைப் செய்யச் சிரமமாக இருந்தால், கீபோர்டில் இருக்கும் மைக்கைத் தொட்டுப் பேசுங்கள். மெசேஜ் பெட்டிக்கு வலப்பக்கம் இருக்கும் வாட்ஸ்அப் மைக்கைச் சொல்லவில்லை, கீபோர்டிலேயே இருக்கும் மைக். கூகுள் கீபோர்டில் தமிழைச் சேர்த்து வைத்திருந்தால், நீங்கள் பேசுவது எழுத்தாக விழும். பஸ் இரைச்சலில் ஊர்ப்பெயர்களும் மணியும் கண்டபடி விழும், அதனால் வாசித்துப் பார்க்காமல் அனுப்பாதீர்கள். எழுத்தில் ஒரு வசதி, தப்பாகப் போயிருந்தாலும் 15 நிமிடத்துக்குள் அதே செய்தியைத் திருத்தலாம். வாய்ஸைத் திருத்த முடியாது, அழித்துவிட்டு மறுபடி போட வேண்டும். "This message was deleted" என்று அங்கே ஒன்று தொங்கும். காலை நேரத்தில் மேனேஜர் அதைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

தங்கிலீஷில் எழுதலாமா என்று கேட்டால், எழுதலாம். "Bus Mandapam la nikkuthu sir, 8.45 aagum" என்றால் எந்த மேனேஜருக்கும் புரியும். அழகான தமிழுக்காக ஐந்து நிமிடம் வீணாக்குவதை விட இது மேல்.

3. குரல்தான் என்றால்: எங்கே, எப்படிப் பேசுவது

பாலத்தின் மேல் பேசாதீர்கள். இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஆடி மாதக் கச்சான் காற்று அடிக்கும்போது, ஜன்னல் திறந்த பஸ்ஸில் பாலத்தின் நடுவில் பேசிய வாய்ஸை நானே பிறகு கேட்டேன். "அக்கா" என்ற ஒரு சொல்லுக்குப் பிறகு முழுக்க "ஹோ" என்ற காற்று மட்டும்தான். மண்டபம் முனையில் வண்டி நிற்கும்போதே பேசி முடித்துவிடுங்கள். முடியாவிட்டால் ஜன்னலை இறக்கி, குனிந்து, போனின் அடிப்பகுதியைக் கையால் குவித்துக்கொண்டு பேசுங்கள். மைக் பெரும்பாலும் அடியில்தான் இருக்கும். விரலால் அதையே மூடிவிடாதீர்கள்.

மைக்கை அழுத்திப் பிடித்து மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும். அப்புறம் விரலை எடுத்துவிட்டுப் பேசலாம், நிறுத்தலாம், அனுப்புவதற்கு முன் கேட்டும் பார்க்கலாம். பஸ் குலுங்கும்போது விரல் நழுவி, பாதியில் "அக்கா நான் இன்னைக்கு" என்பதோடு போய்விடும் தொல்லை இதில் இல்லை. ஆனால் பூட்டிய பிறகு அதே வரிசையில் "1" என்று வட்டத்துக்குள் ஓர் எண் தெரியும். அதைத் தொட்டுவிட்டால் அந்த வாய்ஸை அவர் ஒரு தடவைதான் கேட்க முடியும். சத்தத்தில் சரியாகக் கேட்காமல் போனால் மறுபடி போட்டுக் கேட்க வழியில்லை. என் கூட வேலை பார்க்கும் தம்பி தெரியாமல் இதைத் தொட்டுவிட்டு, "நான் ரகசியமா ஒண்ணும் சொல்லலையே" என்று விழித்தான்.

பேசும் வரிசை முக்கியம். முதல் ஐந்து வினாடிக்குள் மணி வந்துவிட வேண்டும். எடைக்கூடத்து அக்காவுக்கு நான் போடுவது: "அக்கா, நான் எட்டரைக்குத்தான் வருவேன். தராசு சாவி வாட்ச்மேன் அண்ணன்கிட்ட ஒண்ணு இருக்கு, வாங்கித் தெறந்துக்கங்க. பஸ்ஸு பாலத்துக்கிட்ட நிக்கிது. எட்டரை அக்கா." பதினைந்து வினாடிக்குள் முடிந்துவிடும். மணியை முதலிலும் கடைசியிலும் இரண்டு தடவை சொல்கிறேன், கவனித்தீர்களா? நண்டு உடைக்கும் இடத்தில் ஒரு தடவை சொன்னது காதில் விழாது. "எட்டரை" என்பதும் "எட்டே கால்" என்பதும் இரைச்சலில் ஒன்று போல இருக்கும், அதற்காகவும்தான்.

4. வாய்ஸ் எப்போது அலட்சியமாகத் தெரியும்

இங்கேதான் புதியவர்கள் அதிகம் மாட்டுகிறார்கள், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரே வாக்கியம்தான். "சார் லேட்டாகும் சார்." எழுதினால் அது தகவல். குரலில் வந்தால் அதோடு நீங்கள் மென்றுகொண்டிருக்கும் வடை, பக்கத்து சீட்டில் ஓடும் பாட்டு, "டேய் தள்ளி உக்காரு" என்கிற நண்பனின் சிரிப்பு எல்லாம் சேர்ந்து போகிறது. பதற்றத்தோடு ஓடிவருகிற ஆள் போலத் தெரிய வேண்டிய இடத்தில், டூர் போகிற ஆள் போலத் தெரிகிறீர்கள். என்னுடைய அந்த 1 நிமிடம் 52 வினாடியை மேனேஜர் மத்தியானம்தான் கேட்டார். அவருக்கு எரிச்சலூட்டியது நான் சொன்ன காரணம் இல்லை. நடுவில் நான் பாலத்தைப் பார்த்து "செமையா தூக்குறாய்ங்க சார்" என்று சொன்னதுதான். அதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்.

அடுத்தது பழக்கத்தின் நாள்கணக்கு. மேலதிகாரி உங்களுக்கு ஒரு தடவைகூட வாய்ஸ் அனுப்பாதவரை நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். அவர் அனுப்ப ஆரம்பித்துவிட்டால், பதிலுக்குக் குரலில் சொல்வதில் தப்பில்லை. எங்கள் முதலாளி எழுதவே மாட்டார், எல்லாம் வாய்ஸ்தான். அவருக்கு எழுத்தில் பதில் போட்டால் "என்னப்பா கலெக்டர் ஆபீஸ் லெட்டரா?" என்பார். இரண்டு பேரும் ஒரே கம்பெனிதான், வழக்கம் வேறு.

விடியற்காலை வாய்ஸ் இன்னொரு கண்ணி. ஆறரை மணிக்கு அந்தப் போன் யார் கையில் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. புதிதாகச் சேர்ந்த ஒரு தங்கச்சி மேனேஜருக்கு ஆறு நாற்பதுக்கு வாய்ஸ் போட்டுவிட்டாள். அவர் குளித்துக்கொண்டிருக்க, வீட்டில் பிள்ளை போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டது. "சார், எனக்கு வயித்து வலி சார், இன்னிக்கு லேட்டாத்தான் சார்" என்று வீடு முழுக்கக் கேட்டது. யார் மேலும் குற்றமில்லை. ஆனாலும் அந்தத் தங்கச்சி ஒரு வாரம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. உடம்பு விஷயம் எதுவாக இருந்தாலும் எழுத்தில் "உடல்நலம் சரியில்லை" என்று மட்டும் சொல்லுங்கள். விவரம் நேரில், அதுவும் தேவையானவரிடம் மட்டும்.

அழைக்கும் சொல்லையும் பாருங்கள். எழுத்தில் "சார்" ஒரு தடவை வந்தால் போதும். குரலில் ஆரம்பத்தில் ஒன்று, முடிவில் ஒன்று இல்லாவிட்டால் மொட்டையாகக் கேட்கும். எடைக்கூடத்தில் எல்லோரையும் அண்ணே, அக்கா என்பது வழக்கம். கீழக்கரை, தொண்டிப் பக்கத்திலிருந்து வரும் வியாபாரிகளை "பாய்" என்போம். அந்தப் பழக்கத்தில் மேனேஜரையும் குரலில் "அண்ணே" என்று விட்டுவிடாதீர்கள். நேரில் அவரே அப்படிக் கூப்பிடச் சொல்லியிருந்தாலும், வாய்ஸ் நாலு பேர் காதில் விழக்கூடியது.

எதிர்ப்பக்கமும் உண்டு. எழுத்து அலட்சியமாகத் தெரிகிற இடங்கள் இருக்கின்றன. வீட்டில் சாவு, திடீரென்று ஆஸ்பத்திரி என்றால் "அம்மா சீரியஸ், லேட் ஆகும்" என்று டைப் செய்து அனுப்புவது கல்லைத் தூக்கிப் போட்டது போல இருக்கும். அதற்கு வாய்ஸும் வேண்டாம், கூப்பிட்டுவிடுங்கள். ஒரே மாதத்தில் மூன்றாவது தடவை தாமதம் என்றாலும் கூப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும். அவர் திட்டுவதற்கு நீங்கள் இடம் கொடுக்க வேண்டும். வாய்ஸ் போட்டால் "திட்டு வாங்கப் பயந்து ஒளியுறான்" என்றுதான் எடுத்துக்கொள்வார், அது பெரும்பாலும் உண்மையும்கூட.

ஏற்கெனவே எழுத்தில் சொல்லிவிட்டு, அன்றைக்கு உங்களால் ஒரு பெரிய லோடு கெட்டிருந்தால், மன்னிப்புக்கு மட்டும் ஒரு சின்ன வாய்ஸ் போடலாம். "மன்னிக்கவும்" என்று எழுதினால் அறிவிப்புப் பலகை மாதிரி இருக்கும். "தப்புதான் சார், இனி நேரத்துக்கு வந்துடுவேன்" என்று குரலில் சொன்னால் அந்தக் குரலே சொல்லிவிடும். பத்து வினாடிக்கு மேல் போகக் கூடாது.

5. எப்போது அனுப்புவது

எட்டு மணி வேலைக்கு எட்டு மணிக்கு "லேட்டாகும்" என்று சொல்வது தகவலே இல்லை. அது அவருக்கே தெரியும்.

வழியில் ஓர் இடத்தை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது உச்சிப்புளி. 6.15 பஸ் ஒழுங்காகப் போனால் ஏழு மணிக்கு முன் உச்சிப்புளியைத் தாண்டிவிடும். தாண்டவில்லை என்றால் அன்று நேரத்துக்குப் போக முடியாது, அங்கேயே செய்தி அனுப்பிவிடுவேன். எட்டு மணி ஆளுக்கு ஏழு மணிக்குத் தெரிந்தால், வேறொருவரை நிறுத்த ஒரு மணி நேரம் இருக்கிறது. உச்சிப்புளி வரை சரியாக வந்து மண்டபத்தில் நின்றால், நின்ற ஐந்தாவது நிமிடம் அனுப்புகிறேன். "இப்போ கிளம்பிடும்" என்று காத்திருந்தால் அரை மணி நேரம் போய்விடும்.

சொல்லும் மணியில் கால் மணி கூட்டிச் சொல்லுங்கள். பாலத்தில் வழி கிடைத்துவிட்டால் மண்டபம் முனையிலிருந்து தங்கச்சிமடத்துக்கு இருபது நிமிடம் போதும். ஆனால் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நகரும். 8.30 என்று சொல்லி 8.45க்குப் போனால் இரண்டு தடவை தாமதம் என்று கணக்கு. 8.45 என்று சொல்லி 8.35க்குப் போனால் யாரும் முறைக்க மாட்டார்கள்.

ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் இதெல்லாம் உதவாது. அக்னி தீர்த்தத்துக்குப் போகும் கூட்டம் முதல் நாள் இரவே பாலத்தை அடைத்துவிடும். அந்த நாட்களை நாள்காட்டியில் பார்த்து, முந்தின நாளே நேரில் பெர்மிஷன் கேட்டுவிடுங்கள், அல்லது தீவுக்குள் தெரிந்தவர் வீட்டில் படுத்துக்கொள்ளுங்கள்.

6. போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது

கடிகாரப் படம் இருந்தால் உங்கள் போனை விட்டே கிளம்பவில்லை. ஒரு டிக் என்றால் அவர் போனுக்குப் போகவில்லை. இரண்டு சாம்பல் டிக் என்றால் போய்விட்டது. இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும். வாய்ஸுக்குக் கூடுதலாக ஒன்று பார்க்க வேண்டும். இரண்டு டிக்கும் நீலமானாலும் அவர் கேட்டார் என்று அர்த்தமில்லை, அந்த உரையாடலைத் திறந்தார், அவ்வளவுதான். வாய்ஸில் இருக்கும் மைக் படம் நீலமானால்தான் ஓடவிட்டிருக்கிறார். நீல டிக்கை அணைத்து வைத்திருக்கும் ஆளிடமும் இந்த மைக் அடையாளம் காட்டிக்கொடுத்துவிடும். குரூப்பில் போட்டால் எல்லோரும் கேட்டு முடிக்கும்வரை அது நீலமாகாது, அதனால் தாமதத்தைக் குரூப்பில் வாய்ஸாகப் போடுவதில் பயனே இல்லை.

சிக்னல் ஒரு கோட்டில் ஆடும்போது எழுத்து எப்படியாவது நுழைந்துவிடும், வாய்ஸ் ஏறாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். பத்து நிமிடத்தில் மைக் நீலமாகவில்லை, எழுத்து என்றால் டிக் நீலமாகவில்லை என்றால், கூப்பிடுங்கள். இரண்டு தடவை எடுக்கவில்லை என்றால் அவருக்குப் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு, "சார்ட்ட மெசேஜ் பாக்கச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லுங்கள்.

7. ஆதாரம், பணம்

மாதக் கடைசியில் சம்பளக் கணக்குப் போடுகிறவர் உங்களைப் பார்த்திருக்கவே மாட்டார். அவர் கையில் இருப்பது கைரேகை மிஷின் காட்டும் மணியும், லேட் ரெஜிஸ்டரும். மிஷினில் 8.43 என்று இருந்து, பக்கத்தில் எதுவும் எழுதாமல் இருந்தால் பிடித்தம் விழும். அதனால் போய் இறங்கியதும் முதல் வேலை, ரெஜிஸ்டரில் நேரத்தையும் காரணத்தையும் எழுதி மேனேஜரிடம் சுருக்கொப்பம் வாங்குவது. "அப்புறம் வாங்கிக்கலாம்" என்றால் செவ்வாய்க்கிழமை மறந்துபோகும். பெர்மிஷன் சீட்டு வைத்திருக்கும் கம்பெனி என்றால் அதை நிரப்புங்கள். மாதத்துக்கு எத்தனை பெர்மிஷன், எத்தனை நிமிடத்துக்கு மேல் அரைநாள் என்பதைச் சேரும் அன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் இடத்தில் முப்பது நிமிடம்தான் எல்லை. இது தெரியாமல் நான் மூன்று வாரம் ஓட்டினேன்.

அரசு பஸ் டிக்கெட்டைக் கசக்கிப் போடாதீர்கள். மிஷினில் அடித்த டிக்கெட்டில் தேதியும் நேரமும் இருக்கும். 6.15க்கு ஏறினீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. வெயிலில் எழுத்து மங்கிவிடும் என்பதால் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துச் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் என்ன சொன்னீர்கள், எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் இரண்டும் ஒரே படத்தில் இருக்கும். வாய்ஸை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் நேரம் மட்டும்தான் தெரியும், உள்ளே நீங்கள் பாட்டுப் பாடியிருந்தாலும் அதே கோடுதான். ஃபார்வர்டு செய்து காட்டலாமே என்பீர்கள். செய்யலாம், ஆனால் ஃபார்வர்டு செய்த நேரம்தான் அந்தப் பக்கம் விழும், காலையில் அனுப்பிய நேரம் விழாது. தேடவும் முடியாது. எழுத்தில் "மண்டபம்" என்று தேடினால் அந்த மாதத் தாமதமெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். வாய்ஸ் என்றால் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்க வேண்டும்.

உங்களுக்கும் மேனேஜருக்கும் இடையே உள்ள உரையாடலில் மெசேஜ் தானாக மறையும்படி வைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அவர் பெயரைத் தொட்டால் "Disappearing messages" என்று இருக்கும். 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என மூன்று அளவு உண்டு. 7 நாள் என்றிருந்தால், சம்பளக் கணக்கு வரும்போது உங்கள் ஆதாரம் எழுத்தானாலும் குரலானாலும் இருக்காது. நீங்களாக அதை அணைத்தால் மேனேஜருக்கும் தெரிந்துவிடும், அது வேண்டாம். அன்றன்றைக்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

அக்காவுக்குப் போட்ட வாய்ஸுக்கு இந்த ஆதாரமெல்லாம் வேண்டாம். நீங்கள் உள்ளே நுழையும்போது கதவு திறந்து தராசு ஓடிக்கொண்டிருந்தால், வாய்ஸ் போய்ச் சேர்ந்துவிட்டது.